வேரில்லாதவர் என்ற வாதம்: பிணை மனுவில் தப்பியோடும் அச்சத்தை எதிர்கொள்ளுதல்

‘எதிரி கூலி வேலைக்கு வெளியூர் செல்பவர், நிலையான சொத்து எதுவும் இல்லாதவர், சம்பவத்திற்குப் பின் தலைமறைவாக இருந்தவர், பிணையில் விட்டால் மீண்டும் தலைமறைவாகிவிடுவார்.’ சாதி மோதலுக்குப் பிறகு தலித்துகள் மீது பதியப்படும் எதிர் வழக்குகளில் காவல்துறை தாக்கல் செய்யும் ஆட்சேபணையில் ஏறக்குறைய மாறாமல் இடம்பெறும் வாசகம் இது. பெயரும் குற்ற எண்ணும் மட்டுமே மாறும். இதற்குப் பதிலாக நம் தரப்புப் பிணை மனுக்களிலும் மாறாத ஒரு வரி இருக்கிறது: ‘மனுதாரர் நிலையான முகவரி உடையவர், எங்கும் ஓடிவிட மாட்டார்.’ இரண்டு வரிகளுக்குமே ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாத இரண்டு கூற்றுகள் மோதும்போது நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிணை வழக்கில் நீதிமன்றம் முதன்மையாக மூன்று அச்சங்களைப் பார்க்கிறது. எதிரி தப்பியோடுவாரா, சாட்சியத்தைக் கலைப்பாரா, சாட்சிகளை மிரட்டுவாரா என்பவை அவை. இங்கே முதலாவதை எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவதும் மூன்றாவதும் அதற்குள் எப்படி நுழைகின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டம் கேட்பது சொத்தை அன்று

எதிரிக்குத் தான் வாழும் இடத்தோடு உள்ள பிணைப்பே அவர் விசாரணைக்கு வருவார் என்பதற்கான உறுதி என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் தெளிவாகப் பதிவானது 1979இல். பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றி அடைபட்டிருந்தவர்கள் தொடர்பான ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி, சொந்தப் பிணையில் ஒருவரை விடுவிக்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலிட்டார். அந்த இடத்தில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்ப உறவுகள் என்ன, நற்பெயர் எப்படி, முன்பு வழக்கு இருந்ததா, முன்பு பிணையில் விடப்பட்டபோது எப்படி நடந்துகொண்டார், அவருக்காகப் பொறுப்பேற்றுச் சொல்லக்கூடியவர்கள் யார், குற்றச்சாட்டின் தன்மையையும் கிடைக்கக்கூடிய தண்டனையையும் பார்த்தால் ஓடிப்போகத் தோன்றுமா என்பவை அவை. 1961இல் நியூயார்க்கில் நடந்த மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தின் அனுபவத்தையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அத்திட்டத்தில் சட்ட மாணவர்கள் கைதானவர்களிடம் வீடு, வேலை, குடும்பம் பற்றிக் கேட்டுச் சரிபார்த்து, பணப்பிணை இன்றியே விடுவிக்கலாம் என நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. கீழமை நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவரது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்காமல், 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவிக்க உத்தரவிட்டார். தொலைவிலுள்ள ஊரில் கைதாகும் தமிழரோ மலையாளியோ அங்கே சொத்துள்ள பிணையாளை எங்கே தேடுவார் என்றும் அத்தீர்ப்பு கேட்டது. இன்றைக்கு நம் மாவட்டங்களில் கைதாகும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்காக அதே பத்தியை நாம் படித்துக்காட்டுகிறோம்.

மேலே சொன்ன பட்டியலில் பட்டா இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளாதார நிலை ஒரு கூறாக வருகிறது என்றாலும், அது பலவற்றுள் ஒன்றுதான். நடைமுறையிலோ பட்டாவும் வீட்டு வரி ரசீதுமே ‘வேர்’ என்று ஆகிவிட்டன. நத்தம் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம், தாளில் பார்த்தால் வேரற்ற குடும்பம். பிணை மனுவின் வேலை அந்த மூன்று தலைமுறையைத் தாளில் கொண்டுவருவதுதான்.

‘சமூகம்’ என்ற சொல்

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்படி கருத்தைத் தமிழில் எழுதும்போது ‘சமூகப் பிணைப்பு’ என்று எழுதிவிடுகிறோம். நம் நீதிமன்ற வராந்தாவில் ‘எந்தச் சமூகம்?’ என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். மனுதாரருக்குத் தன் சமூகத்தில் ஆழமான பிணைப்பு உண்டு என்று வாதிட்டால், அவரை ஒளித்துவைக்க ஆளிருக்கிறது என்றே எதிர்த்தரப்பு அதைத் திருப்பும். சாதிச் சங்கத்தின் பரிந்துரைக் கடிதத்தை இணைப்பதும் அதே விளைவைத் தரும். ‘ஊர்ப் பிணைப்பு’ என்றாலும் சிக்கல்தான், ஊர் வேறு காலனி வேறு என்றிருக்கும் இடத்தில். எனவே நாங்கள் ‘வசிப்பிடப் பிணைப்பு’ என்று எழுதுகிறோம். எழுதிய உடனேயே வீடு, பள்ளி, வேலை, நோயாளி என்று பருண்மையானவற்றுக்கு இறங்கிவிடுகிறோம்.

பொறுப்பேற்றுச் சொல்பவர் யார் என்பதிலும் இதே கவனம் தேவை. கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ சான்று வாங்கி வாருங்கள் என்று சொல்வது எளிது. ஊராட்சித் தலைவர் புகார்தாரரின் உறவினராக இருக்கும்போது அந்தச் சான்று வராது. சில நேரங்களில் நேர்மாறான சான்று காவல்துறைக்குப் போய்ச் சேரும். எங்கள் அனுபவத்தில் பயன்பட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், கிராமச் சுகாதாரச் செவிலியர் போன்றோர். இவர்கள் நற்சான்று எழுதத் தயங்குவார்கள். அதைக் கேட்கவும் கூடாது. பதிவேட்டில் இருப்பதை எழுதித் தந்தால் போதும்: பிள்ளை எந்த வகுப்பு, எந்த ஆண்டிலிருந்து படிக்கிறது, பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருகிறார்.

ஒரு வழக்கு

அடையாளங்களை மாற்றி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். வட மாவட்டம் ஒன்றின் காலனியைச் சேர்ந்த 34 வயதுத் தொழிலாளி. ஜனவரி முதல் ஜூன் வரை திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள செங்கல் சூளையில் வேலை. மற்ற மாதங்களில் ஊரில் கூலி வேலை, நூறு நாள் வேலை. ஆடி மாதத் திருவிழாவில் பாதை குறித்த தகராறு மோதலானது. இரு தரப்பிலும் காயம். ஆதிக்கச் சாதித் தரப்பின் புகார் அன்றிரவே பதிவானது. அதில் ஐந்து பேர் பெயரோடும் ‘மற்றும் சிலர்’ என்றும் இருந்தது. தலித் தரப்பின் புகார் இரண்டு நாள் கழித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளுடன் பதிவானது. அதில் நம் மனுதாரரின் தம்பி காயமடைந்த சாட்சி.

எதிர் வழக்கில் முதலில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 191(3), 296(b), 118(1), 351(3) ஆகிய பிரிவுகள். ஆறாம் நாள் 109ஆம் பிரிவு, அதாவது கொலை முயற்சி சேர்க்கப்பட்டது. அன்றுதான் நம் மனுதாரரின் பெயரும் முதன்முறையாக ஏட்டில் ஏறியது. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வட்டத்திலுள்ள அக்காள் வீட்டில் கைதானார். 109 காயத்தோடு சேரும்போது ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது என்பதால் குற்றவியல் நடுவர் பிணையை மறுத்தார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483ஆம் பிரிவில் அமர்வு நீதிமன்றத்தில் மனு. ஆட்சேபணையின் வாசகம் இக்கட்டுரையின் தொடக்கத்தில் இருப்பதுதான்.

முதலில் செய்தது, அவர் பெயரில் வேறு வழக்கு எங்காவது நிலுவையில் உள்ளதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடியது. இதை மனு எழுதும் முன்பே செய்ய வேண்டும். சாலை மறியல், சில்லறைத் தகராறு போன்ற பழைய வழக்கில் அழைப்பாணை சூளைக்குப் போன நாளில் வந்து, வாங்க ஆளின்றித் திரும்பி, பிடியாணையாக மாறிக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது. அரசு வழக்கறிஞர் அதை எடுத்து நீட்டினால் நம் வசிப்பிடப் பிணைப்பு வாதம் அங்கேயே முடிந்துவிடும். பிடியாணை இருந்தால் அந்த நீதிமன்றத்தில் அதைத் திரும்பப் பெறும் மனுவை முதலில் போட்டு, அந்த மனுவின் நகலோடு பிணை மனுவுக்கு வருவதே வழி.

இவருக்குப் பிடியாணை இல்லை. ஆனால் 2017இல் ஒரு வழக்கு இருந்தது, 2021இல் விடுதலை. குடும்பத்தினர் அதைச் சொல்லத் தயங்கினார்கள். மறைக்கலாமா என்று எங்களில் இளையவர் ஒருவரும் கேட்டார். நாங்கள் அந்த வழக்கின் நாட்குறிப்பை எடுத்தோம். 19 வாய்தாக்கள், 17இல் நேரில் வந்திருக்கிறார், இரண்டில் வராமைக்கு வழக்கறிஞர் வழியே மனுப் போட்டிருக்கிறார். ஒருமுறைகூடப் பிடியாணை பிறக்கவில்லை. அந்த 19இல் எட்டு வாய்தாக்கள் சூளைக் காலத்தில் வந்தவை. திருவள்ளூரிலிருந்து இரவுப் பேருந்து ஏறி வந்து ஆஜராகிவிட்டுத் திரும்பியிருக்கிறார். தப்பியோடுவார் என்பது எதிர்காலம் பற்றிய ஊகம். நான்கு ஆண்டுகள் தவறாமல் வந்தார் என்பது நீதிமன்றத்தின் சொந்தப் பதிவு. பகவதி பட்டியலில் எங்களுக்கு மிகவும் உதவிய கூறு இதுதான். முந்தைய வழக்கு என்றாலே பாதகம் என்று நினைத்து அதைப் புதைத்துவிடுவது வீண். அரசுத் தரப்பு எப்படியும் எடுக்கும். நாம் எடுத்தால் வாய்தாப் பட்டியலோடு எடுக்கலாம்.

அடுத்து, பதினொரு நாள் ‘தலைமறைவு’. இங்கே தேதிகளை அடுக்கிப் பார்ப்பதே வாதம். முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் இல்லை. மோதலின் மறுநாள் இரவு காவலர்கள் காலனிக்குள் நுழைந்து கையில் கிடைத்த ஆண்களை அழைத்துச் சென்றார்கள். காலனியின் ஆண்கள் அனைவரும் வெளியேறினார்கள். முதல் ஐந்து நாள் அவர் எதிரியே அல்லர். எதிரியாகச் சேர்க்கப்பட்ட பிறகும் அவருக்கு அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. வீட்டில் ஒட்டப்படவும் இல்லை. 84ஆம் பிரிவின்கீழ் தேடப்படும் நபர் என்ற பிரகடனமும் இல்லை. பயந்து ஊரைவிட்டு விலகுவதும் நீதிமன்றத்திலிருந்து ஓடுவதும் ஒன்றல்ல. சோதனைக்கு அஞ்சி வெளியேறுவது நிரபராதியும் செய்யக்கூடியதே என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய பாடம். அவர் இருந்த இடமும் ஒளிவிடம் அன்று, உடன்பிறந்த அக்காளின் வீடு. கைது அறிக்கையிலேயே அந்த முகவரி இருக்கிறது. அதே கைபேசி எண்ணைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வழக்கை எடுக்கும் வழக்கறிஞர் முதல் நாளே முதல் தகவல் அறிக்கை, பிரிவு மாற்ற அறிக்கை, காவலில் வைக்கக் கோரும் அறிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தம் கட்சிக்காரரின் பெயர் எந்தத் தேதியில் தோன்றுகிறது என்று பார்ப்பது நல்லது.

குற்றத்தின் கனம் அடுத்த வாதம்: ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கு, ஓடத்தான் தோன்றும். இதற்கு நாங்கள் காயச் சான்றை மட்டும் காட்டினோம். சாதாரணக் காயம், மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டார். 109 நிலைக்குமா என்ற முழு வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. பிணை விசாரணையில் வழக்கின் தகுதிக்குள் ஆழமாக இறங்கினால் நீதிபதி பொறுமை இழப்பார், தப்பியோடும் அச்சம் பற்றிச் சொல்ல நேரமும் இருக்காது.

திரும்பி வருதல்

கடினமான கேள்வி நீதிபதியிடமிருந்து வந்தது. ஆண்டில் பாதி நாள் சூளையில் இருப்பவரை விசாரணைக்கு எப்படி வரவழைப்பது? நியாயமான கேள்விதான். பல மனுக்கள் இந்த உண்மையையே மறைத்து, ‘நிரந்தரமாக மேற்கண்ட முகவரியில் வசிப்பவர்’ என்று எழுதி, பிறகு ஆட்சேபணையில் மாட்டிக்கொள்கின்றன. நாங்கள் மனுவின் இரண்டாம் பத்தியிலேயே சூளை வேலையைச் சொல்லிவிட்டோம்.

பருவத்துக்கு இடம்பெயரும் தொழிலாளியின் பிணைப்பு, ஓரிடத்தில் அசையாமல் இருப்பதில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வருவதில் இருக்கிறது. திரும்பி வருவதற்குத் தாள் உண்டு. நூறு நாள் வேலை அட்டையில் நான்கு ஆண்டுகளாக ஜூலை முதல் டிசம்பருக்குள் அதே ஊராட்சியில் வேலை நாட்கள் பதிவாகியிருந்தன. ஆறாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் சூளைக்குப் போகாமல் பாட்டியோடு தங்கி அதே ஒன்றியப் பள்ளியில் படிப்பதைப் பள்ளி எழுதித் தந்தது. தாயின் முதியோர் உதவித்தொகை, மருத்துவமனைச் சீட்டு, குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது, மனைவியின் சுய உதவிக் குழுச் சேமிப்புப் புத்தகம் ஆகியவை சேர்ந்தன. இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய ஆவணம் அன்று. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோது ஒரு வீடு தெரிந்தது. இவை அனைத்தையும் மனைவி தம் உறுதிமொழிப் பத்திரத்தில் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் நகலையும் இணைத்தார். வழக்கறிஞர் வாய்மொழியாகச் சொல்வதற்கும் ஒருவர் சத்தியம் செய்து சொல்வதற்கும் உள்ள வேறுபாடு உத்தரவில் தெரியும்.

சூளை பற்றி ஓர் எச்சரிக்கை. மேஸ்திரி தந்த முன்பணம் 40,000 ரூபாய் நிலுவையில் இருக்கிறது, அதனால் அவர் எங்கும் போக முடியாது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். வாதமாகப் பார்த்தால் வலுவானதுதான். நாங்கள் அதை எழுதவில்லை. முன்பணத்தால் ஒருவர் நகர முடியாதிருப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்யும் நிலை. அதை நற்பிணைப்பாக நீதிமன்றத்தில் காட்டுவது, பின்னாளில் அவர் அந்தக் கடனிலிருந்து விடுதலை கேட்கும்போது அவருக்கு எதிராகவே நிற்கும். அதற்குப் பதிலாக, நான்கு பருவங்களும் அதே சூளையில் வேலை செய்தார் என்பதையும் சூளையின் முகவரியையும் மட்டும் தந்தோம். சூளைக்குப் புறப்படும் முன் தேதியையும் முகவரியையும் நீதிமன்றத்துக்கு எழுதித் தருவதாகவும், தம் எண்ணோடு அக்காளின் எண்ணையும் தருவதாகவும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவதாகவும் உறுதி அளித்தோம். இருப்பிடத்தைக் கைபேசி வழியே காவல்துறை தொடர்ந்து பார்க்க அனுமதிப்பதாக நாங்களே முன்வந்து சொல்லவில்லை. அத்தகைய கூகுள் வரைபட நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியிருக்கிறது.

சூளைத் தொழிலாளர்கள் வழக்குக்கு வருவதில்லை என்று அரசு வழக்கறிஞர் பொதுவாகச் சொன்னார். அதற்குப் பதில் 2019ஆம் ஆண்டு ப. சிதம்பரம் வழக்கில் இருக்கிறது. பொருளாதாரக் குற்றவாளிகள் நாட்டைவிட்டு ஓடுகிறார்கள் என்ற பொதுப் போக்கைக் காட்டி, நீதிமன்றத்தின் முன் நிற்கும் ஒருவருக்குப் பிணையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னாள் நிதியமைச்சருக்குப் பொருந்திய விதி செங்கல் அறுப்பவருக்கும் பொருந்தும்.

இறுதியாக நாங்கள் சொன்னது தம்பியைப் பற்றி. வன்கொடுமை வழக்கில் தம்பி காயமடைந்த சாட்சி. அந்த வழக்கு நடக்க வேண்டும், தண்டனை கிடைக்க வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பம் இது. நீதிமன்றத்திடம் நீதி கேட்டு நிற்பவர்களுக்கு அதே நீதிமன்றத்திலிருந்து ஓடுவதற்குக் காரணம் இல்லை.

இரு முனை

இவ்வளவு சொன்ன பிறகு அரசுத் தரப்பு வாதத்தை மாற்றியது. அவருக்கு ஊரில் இவ்வளவு பிணைப்பு இருக்கிறது என்றால், சாட்சிகளும் அதே ஊர்தானே, மிரட்டுவார் என்றார்கள். வேரில்லை என்று தொடங்கியவர்கள் வேர் அதிகம் என்று முடித்தார்கள். ஒரே ஆட்சேபணையில் இரண்டும் இருப்பதைச் சுட்டிக்காட்டுவது அவசியம். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. பதில் தயாராக இல்லாவிட்டால், தமிழ்நாட்டில் வழக்கமாக வருவது ‘மதுரையில் தங்கித் தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்திட வேண்டும்’ என்பது போன்ற நிபந்தனை. கூலித் தொழிலாளிக்கு அது வேலையும் வீடும் போய், விடுதிச் செலவு வந்து சேரும் உத்தரவு. ஒருவர் ஓடாமலிருக்கக் காரணமான பிணைப்புகளை அந்த நிபந்தனையே அறுத்துவிடுகிறது. எனவே நாமே ஒரு மாற்றை முன்வைக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அக்காள் வீட்டில் தங்குவதாக முகவரியோடு சொன்னோம். அது 14 கிலோமீட்டர் தொலைவு. பிள்ளைகளைப் பார்க்கலாம், புகார்தாரர் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. கையெழுத்தை உள்ளூர்க் காவல் நிலையத்தில் அல்லாமல் நடுவர் நீதிமன்றத்தில் வாரம் ஒருமுறை இடக் கேட்டோம். மோதலின் மறுநாள் காலனிக்குள் நுழைந்தவர்கள் அந்தக் காவல் நிலையத்தவரே என்பதால், நீதிபதி இதன் காரணத்தைக் கேட்கவில்லை.

இந்த இரு முனையின் மறுபக்கத்தையும் நம் வழக்கறிஞர்கள் அறிந்திருக்க வேண்டும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் சார்பில் நாம் நிற்கும்போது, எதிரிக்கு நிலம் இருக்கும், மாடி வீடு இருக்கும். அங்கே தப்பியோடுவார் என்று வாதிடுவது பெரும்பாலும் நேர விரயம். அவர் ஓட மாட்டார். அங்கேயே இருப்பார் என்பதுதான் பாதிக்கப்பட்டவருக்குச் சிக்கல். 15அ பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்குப் பிணை மனு பற்றிய அறிவிப்பும் கேட்கப்படும் உரிமையும் உண்டு. அறிவிப்பின்றி வழங்கிய பிணையை ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வாய்ப்பை மிரட்டல் பற்றிய தேதியிட்ட புகார்களுக்குப் பயன்படுத்த வேண்டும்.

உத்தரவு வந்த பின்

இரண்டாம் விசாரணையில் பிணை கிடைத்தது. 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு பிணையாட்கள், அதில் ஒருவர் ரத்த உறவினர், அக்காள் வீட்டில் தங்க வேண்டும், தினமும் காலை 10.30க்கு நடுவர் நீதிமன்றத்தில் கையெழுத்து. தலைமறைவானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவின்கீழ் புதிய வழக்குப் பதியலாம் என்ற வழக்கமான வரியும் இருந்தது. வாரம் ஒருமுறை என்பதை நீதிபதி ஏற்கவில்லை.

ஆனால் அவர் அன்று வெளியே வரவில்லை. தம்பி மருத்துவமனையில். ரத்த உறவினராக அக்காள் வந்தார். வீட்டு வரி ரசீது மாமனார் பெயரில் இருந்தது. நீதிமன்ற அலுவலகம் ஏற்கவில்லை. இரண்டாவது பிணையாளாக வந்தவர் ஏற்கெனவே அதே மோதலில் கைதான இன்னொருவருக்குப் பிணை நின்றவர். பிணையாள் எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்று 486ஆம் பிரிவின்படி அறிவிக்க வேண்டும். அறிவித்த உடனே சந்தேகம் வந்தது. ஒரே காலனியில் பத்துப் பேர் கைதானால் இருபது பிணையாட்களுக்கு எங்கே போவது? 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே பேசியது: பிணை நிற்பவர் நெருங்கிய உறவினராகவோ நண்பராகவோதான் இருப்பார், குற்ற வழக்கென்றால் அந்த வட்டம் இன்னும் சுருங்கும், நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கடுமையான பிணை பிணையே ஆகாது.

ஒன்பது நாள் கழிந்தது. 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, பிணை கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் தரப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மாற்றலாமா என்று பார்க்கலாம். உள்ளூர்ப் பிணையாள் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம். எட்டாம் நாள் செயலாளருக்கு நாங்களே எழுதினோம். ஒரு மாதம் காத்திருக்கவில்லை. பிணைத்தொகை மிகையாக இருக்கக் கூடாது என்னும் 484ஆம் பிரிவைச் சுட்டி, அமர்வு நீதிமன்றத்திலேயே மாற்ற மனுப் போட்டோம். மனைவியின் பழைய உறுதிமொழிப் பத்திரமே மீண்டும் பயன்பட்டது. பிணை வழங்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிணைப்புகளே பிணையாளைக் குறைக்கவும் காரணம் என்றோம். பிணையாள் ஒருவர் போதும், வரி ரசீதுக்குப் பதில் குடும்ப அட்டையும் ஆதார் நகலும் ஏற்கப்படும் என்று உத்தரவானது. மறுநாள் மாலை அக்காளின் கையெழுத்தில் வெளியே வந்தார். மூன்று வாரம் தவறாமல் கையெழுத்திட்ட பிறகு, அந்தப் பதிவேட்டின் நகலை இணைத்து, வாரம் ஒருமுறையாகக் குறைக்கும் மனுவைத் தாக்கல் செய்தோம். டிசம்பர் இறுதியில் அது ஏற்கப்பட்டது. சூளைக்குப் புறப்படும் தேதியையும் முகவரியையும் எழுதிய தாளை ஜனவரி முதல் வாரத்தில் அவரே நீதிமன்ற அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.